அப்பத்தா அடிப்பது கோபமா, வலியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

உமையாள் (கோட்டையூர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு 84 வயது. மறதி நோய் முற்றிவிட்டது. பேச்சு மிகக் குறைவு. என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லை" என்பார்கள், இல்லாவிட்டால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பச்சியும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறார்கள். பகலில் உதவிக்கு ஓர் அக்கா வருகிறார்.

மாசி மாதத்திலிருந்து ஒரு மாற்றம். காலையில் உடம்பு துடைத்து, டயப்பர் மாற்றிப் புடவை கட்டிவிடும்போது அக்காவை அடிக்கிறார்கள், கிள்ளுகிறார்கள். ஒருநாள் கையைக் கடித்தேவிட்டார்கள். முடிந்ததும் வளவில் நாற்காலியில் உட்கார வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல முற்றத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கிறார்கள். முன்பு ஒருவர் பிடித்துக்கொண்டால் பட்டாலை வரை நடப்பார்கள். இப்போது எழுந்து நிற்பதற்கே முரண்டு. சாப்பாடும் பாதியாகிவிட்டது.

டாக்டரிடம் காட்டினோம். மறதி நோயில் இப்படி மூர்க்கம் வரும் என்று இரவுக்குக் குவெட்டியாபின் எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் பகலெல்லாம் தூங்கி வழிகிறார்கள், ஆனால் காலையில் அடி மட்டும் குறையவில்லை. முழங்காலாக இருக்குமோ என்று எக்ஸ்ரேயும் எடுத்தோம். தேய்மானம்தான் என்று ஜெல் கொடுத்தார்கள்.

எனக்கு இது கோபமாகத் தோன்றவில்லை. ஆனால் வலி என்று எதை வைத்துச் சொல்வது?

சோமு (புதுவயல், மருந்துக்கடை)

வலி என்றால் பிபி ஏறும், நாடி வேகமாக ஓடும். அடிக்கும் நேரத்தில் பிபி மெஷினைக் கட்டிப் பாருங்கள். சாதாரணமாக இருந்தால் அது வலி இல்லை. மறதி நோய் முற்றியவர்களுக்கு வலியே அவ்வளவாகத் தெரியாது என்றும் சொல்வார்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பாராசிட்டமால் 650 கொடுத்துப் பாருங்கள். அடங்கினால் வலி. அதற்கும் கேட்கவில்லை என்றால் டைக்ளோபெனாக் ஊசி ஒன்று போடச் சொல்லலாம்.

வள்ளியப்பன் (சென்னை)

மறதி நோய்க்குக் கொடுக்கிற டோனெபெசில் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறதா? அதன் அளவைக் கூட்டினால் பேச்சு கொஞ்சம் திரும்பும், எங்கே வலிக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்களே.

லெட்சுமி சிஸ்டர் (தேவகோட்டை)

சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் நெடுங்காலம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள் நான். அங்கே பாதிப் பேருக்கு மேல் மறதி நோய்க்காரர்கள்தான்.

வள்ளியப்பன் தம்பி, இந்த அளவுக்கு முற்றிய பிறகு அந்த மாத்திரையைக் கூட்டி வலியைச் சொல்ல வைக்க முடியாது. கூட்டினால் வயிற்றைப் பிரட்டும், பசி இன்னும் குறையும். சாப்பாடு பாதியான ஆளுக்கு அது வேண்டாம்.

சோமு அண்ணன் சொன்னதில் பாராசிட்டமால் யோசனை நல்லது, மற்றது ஆபத்து. மறதி நோய் வலியை அழிப்பதில்லை. வலியை நினைவில் வைத்துச் சொல்லும் திறனைத்தான் அழிக்கிறது. அல்சைமர் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வுகளில், அவர்கள் முகம் வலிக்கு மற்றவர்களைவிடக் குறைவாக அல்ல, அதிகமாகவே சுருங்கியது. மட்டுப்பட்டிருந்தது நாடித் துடிப்பு போன்றவைதான். அதனால் பிபி ஏறாததை வைத்து வலி இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். டைக்ளோபெனாக் 84 வயதில், பாதிச் சாப்பாட்டில், சிறுநீரகத்தையும் குடலையும் பதம் பார்த்துவிடும்.

உமையாள், நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான துப்பு ஒன்று இருக்கிறது. நாற்காலியில் அமைதி, புரட்டும்போது அடி. சும்மா கிடக்கும்போது மட்டும் பார்த்துவிட்டு "வலி இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். எலும்பு, மூட்டு, தசை வலியெல்லாம் அசைவில்தான் வெளிப்படும்.

நாளைக் காலை இரண்டு தடவை பாருங்கள். முதலில் யாரும் தொடாமல் படுத்திருக்கும்போது ஐந்து நிமிஷம். அப்புறம் உடம்பு துடைக்கும்போது. பார்க்க வேண்டியது ஐந்து விஷயம்: மூச்சு, குரல், முகம், உடம்பு, தேற்றினால் தேறுகிறார்களா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 போடுங்கள். எல்லாம் சேர்ந்து 10. 2003இல் அமெரிக்காவில் வெளியான பெயினாட் என்ற முறை இது. உதாரணமாக எப்போதாவது முனகினால் குரலுக்கு 1, திரும்பத் திரும்பக் கத்தினாலோ அழுதாலோ 2. உடம்பு பதற்றமாக, நிலைகொள்ளாமல் இருந்தால் 1, விறைத்துக் கிடந்தாலோ அடித்தாலோ தள்ளினாலோ காலை மடக்கிக்கொண்டாலோ 2. குரல் கொடுத்தோ தடவிக் கொடுத்தோ அடங்கினால் 1, எதற்கும் அடங்காவிட்டால் 2.

மார்க்கை மட்டும் எழுதாதீர்கள். எந்த அசைவில், எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

சுப. (பள்ளத்தூர்)

இதைப் படித்ததும் எங்கள் அய்யா ஞாபகம். அவருக்கும் மறதி நோய்தான். இராத்திரி முழுக்கக் கத்தல், வேட்டியை அவிழ்த்து எறிவார். தூக்க மாத்திரை மேல் தூக்க மாத்திரையாகக் கொடுத்தோம். வேட்டி எப்போதும் நனைந்தே இருந்ததால் சிறுநீர் நன்றாகப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு டாக்டர் அடிவயிற்றில் கையை வைத்து விரலால் தட்டிப் பார்த்தார். தொப்புள் வரை கெட்டியாக இருந்தது. டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அன்று இரவு தூங்கினார். நிரம்பி வழிந்ததைத்தான் நாங்கள் சிறுநீர் போவதாக நினைத்திருக்கிறோம். உங்கள் அப்பத்தாவுக்கும் அதுவாகத்தான் இருக்கும், முதலில் டியூப் போடச் சொல்லுங்கள்.

லெட்சுமி சிஸ்டர் (தேவகோட்டை)

நல்ல வேளையாக நினைவுபடுத்தினீர்கள், ஐயா. ஆனால் டியூப் முதலில் இல்லை, கை முதலில். அடிவயிற்றைத் தடவி, தட்டிப் பார்த்துவிட்டுத்தான் டியூப். இந்த வயதில் மலச்சிக்கலும் அப்படித்தான். மலம் கல்லாக அடைத்திருக்கும்போது அதைச் சுற்றித் தண்ணீராகக் கழிவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்துவிடுவார்கள். கையுறை போட்டு ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். சளி, அரிப்புக்குக் கொடுக்கிற பழைய மாத்திரைகள் இரண்டையுமே அடைக்கும். அப்பத்தாவுக்கு அப்படி ஏதாவது போகிறதா என்று பாருங்கள்.

ஆனால் உங்கள் அய்யா இரவு முழுக்க, படுத்த இடத்திலேயே கத்தினார். இந்த அம்மா அசைத்தால் மட்டும் அடிக்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி இல்லை.

உமையாள் (கோட்டையூர்)

மூன்று நாள் காலையில் நானே கூட இருந்து பார்த்தேன், சிஸ்டர். படுத்திருக்கும்போது முகத்துக்கு மட்டும் 1, மற்றதெல்லாம் 0. துடைக்கும்போது 7. மூச்சு 1 (இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்புறம் வேகமாக விட்டார்கள்), குரல் 1, முகம் 2, உடம்பு 2, தேற்றியது 1. மூன்று நாளும் ஏறக்குறைய இதேதான்.

ஆனால் முகம் கழுவும்போது, கை துடைக்கும்போது அடிக்கவில்லை. இடது பக்கம் புரட்டும்போதுதான் கை ஓங்குகிறது. வலது பக்கம் புரட்டினால் முனகல் மட்டும். நேற்று காலுக்கு இடையே துணி வைக்க இடது காலை விலக்கியபோது "ஆத்தா" என்று கத்திவிட்டார்கள்.

வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது. மலம் ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறது. சளி மாத்திரை எதுவும் இல்லை.

ஒரு சந்தேகம். அம்மா இது கூச்சம் என்கிறார். வேற்று ஆள் புடவையை அவிழ்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது என்று கேட்கிறார். அப்பத்தா மிகவும் கட்டுப்பாடான மனுஷி. அம்மா சொல்வதையும் தள்ள முடியவில்லை.

லெட்சுமி சிஸ்டர் (தேவகோட்டை)

உங்கள் அம்மா சரியாகத்தான் கேட்கிறார். இந்த மதிப்பெண் முறையின் பலவீனமே அதுதான். பயந்தாலும் குளிர்ந்தாலும் வெட்கப்பட்டாலும் 7 வரும். அது துன்பத்தை அளக்கிறது, எதனால் என்று சொல்லாது. 7 என்றால் 4ஐவிட இவ்வளவு அதிக வலி என்றும் கணக்குப் போட முடியாது. அதே ஆளை, அதே அசைவில், நேற்றையோடு இன்றை ஒப்பிட மட்டும் பயன்படும்.

கூச்சத்தைப் பிரித்தறிய இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, எப்போது தொடங்குகிறது? புடவையில் கை வைத்ததுமே தொடங்கினால் கூச்சமோ பயமோ. தொட்டு, அவிழ்த்து எல்லாம் முடிந்து, ஒரு குறிப்பிட்ட காலை நகர்த்தும்போதுதான் தொடங்கினால் வலி. கூச்சத்துக்கு இடது வலது கிடையாது. இன்னொன்று முகம். பயந்த முகத்தில் புருவம் மேலே ஏறும், கண் அகலத் திறக்கும். வலியில் புருவம் இரண்டும் கீழே இறங்கி நெருங்கும், கண் இடுங்கும் அல்லது இறுக மூடும், மேலுதடு உயர்ந்து மூக்கோரம் சுருங்கும். முகத்துக்கு 2 போட்டீர்களே, அது எந்த முகம்?

பல நாள் வலியோடு இருந்தவர்கள் கை கிட்டே வந்ததுமே முந்திக்கொண்டு அடிக்கவும் கூடும் என்பது உண்மை. அப்போது இந்தப் பிரிவு குழம்பிப் போகும். அதேபோல குவெட்டியாபின் போன்ற மாத்திரையில் தூங்கி வழிகிறவர்களின் முகமும் மழுங்கிவிடும், மார்க் குறைவாக வரும். மாத்திரையை மீறி 7 வருகிறது என்பதே எனக்குக் கவலை.

உமையாள் (கோட்டையூர்)

இரண்டாவது முகம்தான், சிஸ்டர். கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள். புடவையை அவிழ்க்கும்போது சும்மாதான் இருந்தார்கள்.

கண்ணன், பிசியோ (காரைக்குடி)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. உமையாள், மாசியில் இது தொடங்கிய சமயத்தில் விழுந்தார்களா? விழுந்ததை யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. "கீழே உட்கார்ந்திருந்தார்கள், தூக்கிவிட்டேன்" என்ற மாதிரி ஏதாவது?

அடுத்து, மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்மாட்டில் நின்று பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா? இரண்டு குதிகாலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? பார்க்க மட்டும் செய்யுங்கள், இழுத்துச் சரிசெய்ய வேண்டாம். அதுவரை நிற்க வைக்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள்.

உமையாள் (கோட்டையூர்)

அக்காவிடம் கேட்டேன், சார். பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு காலை வளவிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் படியோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். காயம் எதுவும் இல்லாததால் தூக்கி உட்கார வைத்திருக்கிறார். அன்று மதியம் நடக்கவும் செய்திருக்கிறார்கள். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இடது பாதம் கொஞ்சம் அதிகமாக வெளியே சாய்ந்த மாதிரிதான் தெரிகிறது. அப்பச்சிக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு இல்லையே?

கண்ணன், பிசியோ (காரைக்குடி)

எடுத்தது முழங்காலை. நான் சந்தேகப்படுவது இடுப்பு மூட்டை, அதாவது தொடையெலும்பின் கழுத்தை. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் போகும் நரம்புகள் பொதுவானவை என்பதால் மேலே உள்ள கோளாறு முழங்கால் வலியாகத் தெரியும். அவர்கள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தால் எல்லோரும் முழங்காலைத்தான் படம் எடுப்பார்கள். 84 வயதில் எந்த முழங்காலை எடுத்தாலும் தேய்மானம் இருக்கும். காரணம் கிடைத்துவிட்டது என்று தேடலும் அங்கேயே நின்றுவிடும்.

கழுத்து முறிந்த துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு நின்றால் அன்று நடக்கக்கூட முடியும். கால் குட்டையாகாது, பாதமும் அவ்வளவாகத் திரும்பாது. அப்பச்சிக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. ஆனால் காலை விலக்கினாலோ சுழற்றினாலோ வலிக்கும். நீங்கள் எழுதிய "ஆத்தா" அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் நேரில் பார்த்தால் முதலில் தொடையில் கையை வைத்து, உருளையை உருட்டுவது போல மிக மெல்ல உள்ளும் வெளியும் உருட்டுவேன். முழங்கால் அசையாது, இடுப்பு மூட்டு மட்டும் திரும்பும். அதில் முகம் சுருங்கினால் அத்தோடு நிறுத்திவிடுவேன். வீட்டில் நீங்கள் இதைச் செய்ய வேண்டாம்.

லெட்சுமி சிஸ்டர் (தேவகோட்டை)

தம்பி, சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் இந்த நிலையில் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன் டாக்டரைக் கேட்டு பாராசிட்டமாலை நேரப்படி நாலைந்து நாள் கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். எடை 50 கிலோவுக்குக் குறைவாகத்தான் இருக்கும், அதனால் நாளுக்கு 2 கிராமைத் தாண்டாமல், 650 மில்லிகிராம் மூன்று வேளை. காலை வேளையை உடம்பு துடைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால். கத்தினால் மட்டும் கொடுப்பதில் பயன் இல்லை, கேட்டு வாங்கத் தெரியாதவர்களுக்கு அது வந்து சேராது. நார்வேயில் பெட்டினா ஹுசேபோ குழுவினர் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் இப்படிப் படிப்படியாக வலிமருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு வெறும் பாராசிட்டமால்தான். 8 வாரத்தில் அடி, கத்தல் போன்ற கிளர்ச்சி 17 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் திரும்ப ஏறியது. 2011இல் வெளியான ஆய்வு.

கண்ணன், பிசியோ (காரைக்குடி)

அந்த ஆய்வை மறுக்கவில்லை, சிஸ்டர். காரணம் தெரியாத கிளர்ச்சிக்கு அது சரி. இங்கே விழுந்த சந்தேகம், ஒரே பக்கம், ஒரே அசைவு, நடை நின்றது என்று நான்கும் சேர்ந்து ஓர் இடத்தைக் காட்டுகின்றன. நாலைந்து நாள் மாத்திரையில் வலி குறைந்து எழுந்து நடந்தால் செருகியிருக்கும் துண்டுகள் விலகிவிடும். மாத்திரை கொடுக்கட்டும், ஆனால் படம் எடுக்கப் போகும் வழியில் கொடுக்கட்டும்.

உமையாள், "இரண்டு இடுப்பு மூட்டும் தெரியும்படி" என்று கேட்டு எடுங்கள். பாதங்களைச் சற்று உள்நோக்கித் திருப்பி வைத்து எடுத்தால்தான் எலும்பின் கழுத்து முழு நீளத்துக்குத் தெரியும். வலியில் திருப்ப முடியாவிட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆனால் அப்படி எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் நம்பவும் வேண்டாம். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. கேளுங்கள். எம்.ஆர்.ஐ. இன்னும் துல்லியம், ஆனால் அவ்வளவு நேரம் அசையாமல் கிடப்பார்களா என்பது வேறு விஷயம்.

சோமு (புதுவயல், மருந்துக்கடை)

கண்ணன் சொல்வதே சரி. ஆனால் ஒன்று, மாத்திரை கொடுத்தும் அடிப்பது நிற்கவில்லை என்றால் வலி இல்லை என்றுதானே அர்த்தம்?

லெட்சுமி சிஸ்டர் (தேவகோட்டை)

இல்லை அண்ணே. குறைந்தால் வலி என்று ஓரளவு சொல்லலாம். குறையாவிட்டால் மருந்து போதவில்லை என்றும் இருக்கலாம். முறிந்த எலும்பைப் புரட்டுகிற வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் எங்கே போதும்? கண்ணன் தம்பி, நான் ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கேஸில் படம் முதலில்.

உமையாள் (கோட்டையூர்)

எழுதத் தாமதமாகிவிட்டது. ஆம்புலன்ஸில் பலகையோடு கொண்டுபோனோம், கிளம்புவதற்கு முன் மாத்திரை கொடுத்தோம். முதல் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "தெளிவாக ஒன்றும் இல்லை" என்றார்கள். பாதத்தைத் திருப்ப முடியவில்லை என்பதைச் சொல்லி சி.டி. கேட்டேன். இடது தொடையெலும்பின் கழுத்தில் முறிவு, செருகிய நிலை. சில வாரம் ஆனது என்றார்கள்.

இப்போது வேறு குழப்பம். எலும்பு டாக்டர், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்து ஸ்குரூ போடலாம் என்கிறார். அப்பச்சி, இந்த வயதில் கத்தி வேண்டாம், செருகித்தானே இருக்கிறது, படுத்தே ஆறட்டும் என்கிறார். மதுரையில் இருக்கும் சித்தப்பா ஆபரேஷன் பக்கம்.

சுப. (பள்ளத்தூர்)

உங்கள் அப்பச்சி சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. எங்கள் அய்யாவுக்கு ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்தான் குழப்பம் இரண்டு மடங்கானது.

கண்ணன், பிசியோ (காரைக்குடி)

படுத்தே கிடந்தால் படுக்கைப் புண், நுரையீரலில் சளி, காலில் ரத்தக் கட்டு எல்லாம் காத்திருக்கும். துண்டுகள் விலகினால் பெரிய ஆபரேஷனாகிவிடும். ஸ்குரூவுக்கு நேரம் குறைவு. நான் ஆபரேஷன் பக்கம்தான். ஆனால் இதயம், நுரையீரல் நிலை எனக்குத் தெரியாது. அதை மயக்க மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லெட்சுமி சிஸ்டர் (தேவகோட்டை)

இதில் நான் பக்கம் சேரமாட்டேன். இனி நடக்கவே வாய்ப்பில்லாத, கடைசிக் கட்டத்தில் இருக்கிற சிலருக்கு ஆபரேஷன் இல்லாமல் வலியை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டதையும் கண்டிருக்கிறேன். உங்கள் அப்பத்தா போன மாதம் வரை பிடித்துக்கொண்டு நடந்தவர்கள். அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

எந்த வழி என்றாலும் தொடை இடுக்கில் நரம்பு மரக்கும் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். மாத்திரையைவிட அது குழப்பத்தைக் குறைவாகத் தரும். டிரமடால் என்ற வலி மருந்து எழுதினால் குழப்பமும் மலச்சிக்கலும் வருகிறதா என்று தினமும் பாருங்கள். வார்டு நர்ஸிடம் உங்கள் தாளைக் கொடுத்து, படுத்திருக்கும்போது 1, புரட்டும்போது 7 என்று வாயாலும் சொல்லுங்கள். அங்கே படுத்திருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்திவிடுவார்கள். குவெட்டியாபின் இனித் தேவையா என்பதை எழுதிய டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உமையாள் (கோட்டையூர்)

தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், சிஸ்டர். இன்று காலை மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு பேராகச் சேர்ந்து காலுக்கு நடுவில் தலையணை வைத்து வலது பக்கமாக மட்டும் புரட்டினோம். 4 வந்தது. முனகல் இருந்தது, அடி இல்லை. வியாழக்கிழமை மயக்க மருத்துவரைப் பார்க்கிறோம், அப்பச்சியும் வருகிறார். அவர் என்ன சொன்னார் என்று அப்புறம் எழுதுகிறேன்.